இரண்டு கடை, ஒரே பரிசுப் பதிவு: கீழக்கரைக் கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரையில் ஒரே தெருவில் தொதல் என்ற இனிப்பை விற்கும் ஒரு கடையும் பெண்களுக்கான தையல் கடையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய அதே வீட்டுப் பெண்கள்தாம். ஆனால் ஒரு கடை மற்றொன்றின் வியாபாரத்தில் கை வைப்பதில்லை. சேர்ந்து ஒரு விளம்பரம் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி அமைவது அரிது. “காக்கா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து இன்ஸ்டாவுல ஒரு பரிசுப் போட்டி வைப்போமா?” என்று தையல்காரம்மா கேட்க, தொதல் கடைக்காரர் ஒப்புக்கொள்கிறார். தவறுகள் தொடங்குவது அதற்கு அடுத்த பேச்சில், அதாவது பரிசு என்ன என்று முடிவு செய்யும்போது.

ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒரு கைப்பேசியோ மிக்சியோ வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை. கைப்பேசி எல்லோருக்கும் வேண்டியிருப்பதால், பரிசுப் போட்டிகளைத் தேடித் தேடிக் கலந்துகொள்பவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து கமெண்ட் போடுவார்கள். போட்டி முடிந்த மறுநாளே பின்தொடர்வதை விட்டுவிடுவார்கள். ஒரு கிலோ தொதலும் ஒரு சுடிதார் தையலும் பரிசு என்று அறிவித்தால் வருபவர்கள் குறைவாக இருப்பார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடைகளுக்கு நடந்து வரக்கூடியவர்கள். சிறிய கடைக்கு அந்தக் குறைவான எண்ணிக்கைதான் பயன்படும்.

கீழக்கரைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊர்க்காரர்கள் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் இருப்பதால், கடையின் பக்கத்தைப் பின்தொடர்பவர்களில் கணிசமானோர் ஊரில் இல்லாதவர்களாகவே இருக்கக்கூடும். துபாயில் இருப்பவர் வெற்றி பெற்றுவிட்டால் தொதலை அனுப்பும் செலவு தொதலின் விலையைத் தாண்டிவிடும். அதற்காக வெளிநாட்டில் இருப்பவர்கள் கலந்துகொள்ளவே கூடாது என்று எழுதுவதும் சரியல்ல, ஏனென்றால் வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்புபவர்கள் பல நேரங்களில் அவர்கள்தாம். “பரிசைக் கடையில் நேரில் மட்டுமே பெறலாம், வெற்றி பெற்றவர் ஊரில் உள்ள உறவினர் ஒருவரின் பெயரைச் சொன்னால் அவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்” என்ற வரியைப் பதிவிலேயே சேர்த்துவிட்டால் போதும்.

பரிசுக்கு இரு தரப்பும் சமமாகச் செலவிடுகிறார்களா என்று பார்க்கும்போது விற்பனை விலையை வைத்துக் கணக்கிடுவது அடுத்த தவறு. ஒரு கிலோ தொதலும் ஒரு சுடிதாரின் தையல் கூலியும் ஒரே தொகையாக இருக்கலாம். ஆனால் தொதல் கடைக்காரருக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மணிக்கணக்கில் கிளறும் உழைப்பும் ஏற்கனவே செலவாகிவிட்டன. பெரிய அண்டாவில் கிளறியதிலிருந்து ஒரு கிலோ எடுத்துக் கொடுப்பதால் அவருடைய அன்றைய வேலை கூடுவதில்லை. தையல்காரருக்கோ நூல் செலவு சொற்பம், போவது அரை நாள். அந்த அரை நாள் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரத்தில் வந்து சேர்ந்தால், பணம் கொடுத்த ஒருவருடைய துணி தள்ளிப்போகும்.

காலத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரு கடைக்காரர்களும் நல்லெண்ணத்தோடு இருந்தும் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான். பெருநாளுக்கு முன் தொதல் கடைக்கு விளம்பரம் வேண்டும். அதே நாட்களில் தையல் கடையோ புதுத் துணி வாங்க மறுத்துக்கொண்டிருக்கும். ஆகவே பதிவைப் பெருநாளுக்கு முன் வெளியிட்டாலும், தையல் பரிசையும் தையல் சலுகையையும் பெருநாள் கழித்து ஒரு தேதியிலிருந்து மட்டுமே பயன்படுத்தலாம் என்றும், அவை எந்தத் தேதியோடு முடிகின்றன என்றும் எழுத வேண்டும். முடிவுத் தேதி இல்லாத சலுகை ஆறு மாதம் கழித்தும் கடை வாசலில் வந்து நிற்கும். பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடைகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு: விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை என்பதால், கடலை நம்பிய வீடுகளில் அப்போது கையில் பணம் புழங்காது, தையல் போன்று தள்ளிப்போடக்கூடிய செலவுக்கான சலுகையை அந்த மாதங்களில் அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள்.

பதிவை வெளியிடும் முறையிலும் ஒரு தவறு நேர்கிறது. இரு கடைகளும் ஒரே படத்தைத் தனித்தனியாகப் போட்டால் கமெண்டுகள் இரண்டு இடங்களில் சிதறும். ஒருவரே இரண்டு பதிவிலும் பெயர் போட்டிருந்தால் அவரை எத்தனை முறை கணக்கில் எடுப்பது என்ற தகராறு வரும். ஒரு கடை பதிவிட்டு மற்றதற்குக் கொலாப் அழைப்பு அனுப்பி, அவர்கள் அதை ஏற்றுக்கொண்டால் ஒரே பதிவு இரு பக்கங்களிலும் தெரியும், கமெண்டுகளும் ஒன்றாகச் சேரும். அழைப்பை ஏற்காமல் விட்டால் அந்தப் பக்கத்தில் பதிவு தோன்றாது. முதலில் பதிவிட்டவர் அழித்துவிட்டால் இருவர் பக்கத்திலிருந்தும் அது போய்விடும். “உங்கள் டைம்லைனில் பகிருங்கள், நண்பர்களை டேக் செய்யுங்கள்” என்பதைப் பங்கேற்பதற்கான நிபந்தனையாக வைப்பதை ஃபேஸ்புக் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. இன்ஸ்டாகிராமோ, இந்தப் போட்டிக்கும் தனக்கும் தொடர்பில்லை என்ற வரி அறிவிப்பில் இருக்க வேண்டும் என்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, “300 ரூபாய்க்கு வாங்கினால் குலுக்கலில் உங்கள் பெயர்” என்று அறிவிப்பது. பணம் கொடுத்தால்தான் பெயர் சேரும், பரிசு அதிர்ஷ்டத்தால்தான் விழும் என்றால் அது லாட்டரியின் உருவத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், விற்பனையை வளர்ப்பதற்காக நடத்தும் லாட்டரி, அதிர்ஷ்டப் போட்டி முதலியவற்றை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் சேர்த்திருக்கிறது. பரிசுத் திட்டம் முடிந்தபின் முடிவைத் தெரிவிக்காமல் விடுவதும் அதே பட்டியலில் வருகிறது. குலுக்கலைக் கைவிட்டு, வருகிற எல்லோருக்கும் ஒரே அளவான சலுகை கொடுப்பதே என் பார்வையில் இவ்விரு கடைகளுக்கும் ஏற்ற வழி.

போட்டிதான் வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்தால், கலந்துகொள்ள எதையும் வாங்க வேண்டாம் என்று தெளிவாக எழுதி, முடிவை இரு பக்கங்களிலும் சொன்ன நாளில் அறிவிக்க வேண்டும். போலிக் கணக்குகளை மறந்துவிடக் கூடாது. பரிசுப் பதிவு வெளியானதும் கடையின் பெயரையும் படத்தையும் அப்படியே நகலெடுத்து ஒரு கணக்கைத் தொடங்கி, கமெண்ட் போட்டவர்களுக்கு “நீங்கள் வென்றுவிட்டீர்கள், கூரியருக்குப் பணம் அனுப்புங்கள்” என்று செய்தி அனுப்புவது மோசடிக்காரர்களுக்கு வழக்கமான வேலை. “பரிசுக்காக நாங்கள் பணமோ ஓடிபியோ கேட்கமாட்டோம், முடிவு இந்த இரண்டு பக்கங்களில் மட்டுமே வெளியாகும்” என்ற வரி பதிவின் மேற்பகுதியிலேயே இருக்கட்டும். கீழே போட்டால் பலர் கண்ணில் படாது.

குலுக்கல் இல்லாத சலுகை இப்படி நடக்கும். தொதல் கடை ஒவ்வொரு பில்லுடனும் தன் முத்திரை குத்திய சிறு அட்டையைக் கொடுக்கும். அதைத் தையல் கடையில் காட்டினால் கூலியில் 40 ரூபாய் குறையும். தையல் கடை துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது தன் அட்டையை வைக்கும். அதற்குத் தொதலில் 20 ரூபாய் குறையும். தள்ளுபடியை யார் கொடுக்கிறார்களோ அவர்களே அதன் செலவை ஏற்க வேண்டும், வந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் சேர்க்க வேண்டும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் தொதல் கடை அனுப்பியவர்கள் 60 பேராகவும் தையல் கடை அனுப்பியவர்கள் 9 பேராகவும் இருக்கக்கூடும். தொதல் கடைக்குத் தினமும் வருபவர்கள் அதிகம், தையல் கடைக்கு வருபவர்கள் குறைவு என்பதால் அப்படித்தான் இருக்கும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்த 60 பேரில் எத்தனை பேர் தையல் கடைக்குப் புதியவர்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய கணக்கு. அதற்காக அட்டையை வாங்கும்போதே அதன் பின்பக்கத்தில் புதியவரா பழையவரா என்று ஒரு குறி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.