ஊருக்குப் போகும் நீரிழிவுக்காரரும் 'புளொக்சசின்' குளிசையும்

ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வந்திருந்த என் பெரியப்பாவுக்கு 74 வயது. பல வருடங்களாக நீரிழிவுக்கு மெட்போமினும் கிளிக்லசைட்டும் எடுத்து வருபவர். வந்து நான்காம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. தெரிந்த பாமசியில் சொன்னதும், வைத்தியரின் துண்டு கேட்காமலே சிப்ரோபுளொக்சசின் 500 மில்லிகிராம் குளிசையை, காலையும் மாலையும் போடும்படி கொடுத்துவிட்டார்கள். மறுநாள் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. ஆனால், "சீனிக் குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டு கிளிக்லசைட்டை வழமைபோலவே போட்டார். அடுத்த நாள் விடியற்காலை நான்கு மணியளவில் சட்டை நனைய வியர்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெரியம்மாவை யாரென்று கேட்டார். வெயில் களைப்பு, நித்திரைக் குழப்பம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியம்மாதான் மீற்றரை எடுத்துக் குத்திப் பார்த்தார். 2.7 காட்டியது, சீனி மிகவும் இறங்கியிருந்தது.

கிளிக்லசைட், கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட் ஆகியவை கணையத்தின் பீற்றாக் கலங்களில் உள்ள ஒரு பொற்றாசியக் கதவை மூடி, அவற்றை இன்சுலின் சுரக்க வைக்கின்றன. சாப்பிட்டிருக்கிறோமா இல்லையா என்பதை அவை பார்ப்பதில்லை. சிப்ரோபுளொக்சசின், லெவோபுளொக்சசின், மொக்சிபுளொக்சசின் போன்ற, பெயர் 'புளொக்சசின்' என்று முடியும் அன்ரிபயோட்டிக்குகளும் அதே கதவை ஓரளவு மூடக்கூடியவை. வயிற்றோட்டத்தால் உடலில் நீர் குறைந்து சிறுநீரகம் மந்தமானால், சிறுநீரகத்தின் வழியாக வெளியேற வேண்டிய மருந்து உடலிலேயே தங்கிவிடும். பெரியப்பாவுக்கு வெறும் வயிறு, இரண்டு மருந்துகள், களைத்த சிறுநீரகம் எல்லாம் ஒரே இரவில் சேர்ந்துகொண்டன.

இந்த வகையில் மிக மோசமாக நடந்துகொண்டது கட்டிபுளொக்சசின். ஒன்ராறியோவின் முதியவர்களிடம் அது சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கவும் ஏற்றவும் செய்வதாக 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியா 2011 இல் அதன் குளிசையைத் தடை செய்தது. மற்றவற்றில் ஆபத்து அதைவிடக் குறைவு, ஆனாலும் இல்லாமலில்லை. சீனி இறங்கி மயக்க நிலைக்கே போகலாம் என்ற எச்சரிக்கையை இக்குளிசைகளின் தாளில் இன்னும் தெளிவாக எழுதும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 இல் பணித்தது. இறக்கம் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வருகிறது. ஏற்றம் சற்றுப் பிந்தியும் வரலாம். அப்போது தாகமும் அடிக்கடி சிறுநீரும்தான் அடையாளம். அதைக் கண்டு சீனிக் குளிசையைத் தாமாகக் கூட்டுவது மிகவும் பிழையான காரியம், ஏனெனில் அடுத்த நாளே அது இறக்கமாக மாறக்கூடும்.

ஆகவே, வயிற்றோட்டத்துக்கு முதலில் தேவைப்படுவது ஜீவனிக் கரைசல்தான். அதில் குளுக்கோஸ் இருந்தாலும் நீரிழிவுக்காரர்கள் அதைத் தவிர்க்கத் தேவையில்லை. காய்ச்சலோ இரத்தமோ இல்லாத பெரும்பாலான வயிற்றோட்டம் அன்ரிபயோட்டிக் இல்லாமலே மாறிவிடும். அவசியம் என்று வைத்தியர் சொன்னால், நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் காட்டி, வேறொன்று தர முடியுமா என்று கேளுங்கள். சாப்பிட முடியாத நாளில் கிளிக்லசைட்டையும் மெட்போமினையும் என்ன செய்வது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். புளொக்சசினைத்தான் எடுக்க வேண்டும் என்றால், அது முடியும் வரை சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும்போதும் சீனியைப் பாருங்கள். முதல் மூன்று இரவுகளில் அதிகாலை மூன்று மணிக்கும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மீற்றரில் இன்னொரு சிக்கல் உண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் அது mmol/L இல் காட்டும், ஊர் வைத்தியசாலையில் mg/dL இல் பேசுவார்கள். முன்னையதை 18 ஆல் பெருக்கினால் பின்னையது வரும், 3.9 என்பது அங்கே 70. பெரியப்பாவின் 2.7 ஏறக்குறைய 49, அது உடனே கவனிக்க வேண்டிய இறக்கம். பிசோப்ரலோல் போன்ற இதய மருந்து எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் தெரியும். வயதானவருக்குக் குழப்பமான பேச்சே முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

3.9க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அகார்போஸ் எடுப்பவருக்குச் சீனி மெதுவாகவே வேலை செய்யும், குளுக்கோஸ் பவுடர் வேண்டும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை கொடுத்து, ஏறியபின் பாணோ சோறோ சாப்பிட வையுங்கள். விழுங்க முடியாதவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 ஐ அழையுங்கள். இலங்கையில் அந்த அம்புலன்ஸ் இலவசம்.

பெரியப்பா சீனித் தண்ணீர் குடித்து அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டார், வைத்தியசாலை வேண்டாம் என்றார். நாங்கள் விடவில்லை. கிளிக்லசைட்டின் வேலை ஒரு நாள் முழுக்க நீடிப்பதால், ஏறிய சீனி மறுபடி இறங்கலாம். பத்து மணிக்கு வாட்டில் பார்த்தபோது மீண்டும் 61 mg/dL இல் நின்றது, அதன் பிறகு குளுக்கோஸ் சேலைன் ஏற்றி அடுத்த நாள் மத்தியானம்வரை வைத்திருந்தார்கள்.