தணிக்கை அறிக்கையில் கையெழுத்தை மட்டும் பார்ப்பவர்கள்

மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்குப் பஞ்சு அனுப்பும் வியாபாரிகள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். “ஆலைக்காரர் கணக்கைக் கொடுத்துவிட்டார். தணிக்கை முடிந்த கணக்குதானே ஐயா, கடனுக்குச் சரக்குக் கொடுக்கலாம் அல்லவா?” கையில் இருக்கும் கோப்பைத் திறந்தால் முதலில் லாபத் தொகையைப் பார்த்திருப்பார்கள். அடுத்து, கடைசிப் பக்கத்தில் ஆடிட்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஆடிட்டர் தம் கைப்பட எழுதிய மூன்று நான்கு பக்கங்களைப் படித்திருக்க மாட்டார்கள். எல்லாத் தவறுகளும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

கணக்கை எழுதுவது ஆலை நிர்வாகம். அதற்குப் பொறுப்பும் நிர்வாகமே. ஆடிட்டர் அந்தக் கணக்கைச் சோதித்து, அது உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகிறதா என்று தம் கருத்தைச் சொல்கிறார். அவ்வளவுதான் அவருடைய வேலை. லாபம் காட்டினால் பயன்பெறுபவரே கணக்கையும் எழுதுவதால், அவரைச் சாராத ஒருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆலையில் ஆடிட்டரின் நெருங்கிய உறவினர் இயக்குநராக இருந்தால் அவர் அங்கே தணிக்கை செய்யக் கூடாது. தாம் தணிக்கை செய்யும் கம்பெனிக்கு அவரே கணக்கு எழுதித் தரவும் கூடாது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் இரண்டையும் தடுக்கிறது. ‘ஆடிட்டர் அலுவலகமே கணக்கையும் எழுதிக் கொடுத்துவிடட்டும்’ என்று கேட்கும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் எழுதியவரே தம் எழுத்தைத் திருத்துகிறார். அந்தக் கையெழுத்தை நம்பி வெளியாள் எதையும் செய்ய முடியாது.

நூற்பாலைக் கணக்கில் ஆடிட்டர் அதிகக் கவலைப்பட வேண்டிய எண், இறுதி இருப்பு. ஆண்டின் தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, அதிலிருந்து மார்ச் 31 அன்று மிஞ்சிய சரக்கைக் கழித்தால்தான் விற்ற சரக்கின் அடக்கம் கிடைக்கும். எனவே இறுதி இருப்பில் ஒரு ரூபாயைக் கூட்டி எழுதினால் லாபமும் ஒரு ரூபாய் கூடிவிடும். போலி விற்பனைச் சீட்டு வேண்டாம், கற்பனையான வாடிக்கையாளர் வேண்டாம். கிடங்கில் இல்லாத நூலை இருப்பதாக எழுதினால் போதும்.

இது புதிய வித்தையும் அல்ல. மதுரையில் ஹார்வி சகோதரர்களின் ஆலை நூல் நூற்கத் தொடங்கியிருந்த அதே காலத்தில், 1896-இல், இங்கிலாந்து நீதிமன்றத்துக்குக் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கு வந்தது. ஆலையின் மேலாளர் பல ஆண்டுகளாகப் பஞ்சு, நூல் இருப்பை மிகைப்படுத்திச் சான்று கொடுத்தார். ஆடிட்டர்கள் அந்தச் சான்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இல்லாத லாபத்திலிருந்து பங்கு ஈவும் வழங்கப்பட்டது. ஆடிட்டர் காவல் நாய்தான், வேட்டை நாய் அல்ல என்று சொன்ன நீதிமன்றம், சரக்கை எண்ணுவது அவர்கள் வேலை அல்ல என்று அவர்களை விடுவித்தது. பிறகு 1938-இல் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்டு ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் இருப்பில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டுமே இருந்தது என்று தெரியவந்தது. அதன் பிறகுதான் கிடங்குக்கு நேரில் போவது ஆடிட்டரின் கடமையாயிற்று. இன்று இந்தியாவின் தணிக்கைத் தரநிலை 501, இருப்பு கணிசமான தொகையாக இருந்தால் எண்ணும்போது ஆடிட்டர் உடனிருக்க வேண்டும் என்கிறது.

அந்த எண்ணிக்கை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அறிக்கையின் சொற்கள் நன்றாகப் புரியும். கப்பலூரில் ஓர் ஆலைக் கிடங்கில் நூல் மூட்டைகள் சுவர் வரை அடுக்கியிருக்கின்றன. அகலத்தில் எட்டு, உயரத்தில் பத்து, ஆழத்தில் ஆறு என்று பெருக்கிப் பதிவேடு 480 என்கிறது. முன்வரிசையை மட்டும் பார்த்தால் கணக்குச் சரி. அடுக்கின் மேல் ஆளை ஏற்றிப் பார்த்தால் நடுவே குழி இருக்கலாம். ஆகவே சில அடுக்குகளைப் பிரிக்கச் சொல்லி எண்ண வேண்டும், சில மூட்டைகளைத் தராசில் வைக்க வேண்டும். இரண்டு திசையிலும் போக வேண்டும். பதிவேட்டில் உள்ள சில வரிகளைத் தேர்ந்தெடுத்து அந்தச் சரக்கு கண்ணெதிரே இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. கண்ணில் பட்ட சில மூட்டைகள் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது மற்றொன்று. அன்றைய கடைசி வரவுச் சீட்டின் எண்ணையும் கடைசி விற்பனைச் சீட்டின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வாசலைத் தாண்டிப் போன லாரியின் சரக்கு விற்பனையிலும் இருக்கும், இருப்பிலும் இருக்கும். கூலிக்கு நூற்றுத் தருவதற்காகப் பிறர் அனுப்பிய பஞ்சு ஆலைக்குள் கிடக்கும். அதை ஆலையின் சொத்தாக எண்ணிவிடுவது நான் மிகுதியாகப் பார்க்கும் பிழை.

ஆலை முதலாளிகள் செய்யும் பெரிய தவறும் இங்கேதான். ஆடிட்டரை ஜூலை, ஆகஸ்டில் அழைக்கிறார்கள். மார்ச் 31 அன்று என்ன இருந்தது என்பதை அப்போது பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் சொல்ல முடியும். இடைப்பட்ட வரவு செலவுச் சீட்டுகள் ஒழுங்காக இருந்தால் அது நடக்கும். இல்லையென்றால் ஆடிட்டர் அறிக்கையில் அதை எழுதத்தான் வேண்டும்.

இப்போது ஓர் அறிக்கையைப் படிப்போம். ஆலையும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆண்டு விற்பனை 120 கோடி ரூபாய், வரிக்கு முந்தைய லாபம் 2 கோடி, இறுதி இருப்பு 15 கோடி. அறிக்கையின் முதல் பத்தி கருத்து. “கீழே விவரித்துள்ள விஷயத்தின் விளைவைத் தவிர, இக்கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன” என்று இருக்கிறது. அடுத்த பத்தி அந்தக் கருத்துக்கான அடிப்படை. அதில், ஓராண்டுக்கு மேல் தேங்கிய நூலை ஆலை அதன் அடக்க விலையான 4 கோடிக்கே மதிப்பிட்டிருக்கிறது, ஆண்டு முடிந்தபின் நடந்த விற்பனையைப் பார்த்தால் அது 2 கோடியே 60 லட்சத்துக்குத்தான் போகும், எனவே லாபமும் இருப்பும் 1 கோடியே 40 லட்சம் மிகையாக உள்ளன என்று எழுதியிருக்கிறார். அடக்கம், விற்றால் கிடைக்கும் தொகை இரண்டில் எது குறைவோ அதுவே இருப்பின் மதிப்பு என்பது கணக்கியல் விதி. நிர்வாகம் திருத்த மறுத்ததால் ஆடிட்டர் தம் கருத்துக்கு வரம்பு கட்டியிருக்கிறார்.

வியாபாரி இந்த இடத்தில் ‘ஏதோ ஒரு சிறு குறிப்பு’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். பேனாவை எடுத்துக் கழித்துப் பார்த்தால் 2 கோடி லாபம் 60 லட்சமாகிறது. இன்னும் கொஞ்சம் போகலாம். இந்த ஆலையின் நடப்புச் சொத்து 28 கோடி, ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டியது 27 கோடி. சொத்து கொஞ்சம் மிஞ்சுவதாகத் தெரிந்தது. 1 கோடியே 40 லட்சத்தைக் கழித்ததும் சொத்து 26 கோடியே 60 லட்சமாகி, கொடுக்க வேண்டியதற்குக் கீழே போய்விடுகிறது. வங்கி இருப்பின் மதிப்பில் 25 சதவீதத்தை விளிம்பாகக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் கடன் கொடுப்பதாக இருந்தால், சரியான மதிப்பில் ஆலை எடுக்கக்கூடிய பணமும் 1 கோடியே 5 லட்சம் குறையும். 60 நாள் தவணையில் பஞ்சு கொடுக்கும் வியாபாரிக்கு அறுபதாவது நாள் பணம் வர வேண்டிய வழி அதுதான்.

வரம்பு கட்டிய கருத்துக்கு மேலே இன்னும் இரண்டு படிகள் உண்டு. பிழை ஒரு மூலையில் அடங்காமல் கணக்கு முழுவதையும் கெடுத்திருந்தால் ஆடிட்டர் எதிர்மறைக் கருத்துத் தருவார்: இக்கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை. சான்றே கிடைக்காமல், அதன் பாதிப்பு எங்கும் பரவியிருக்கக்கூடும் என்றால் கருத்துச் சொல்லவே மறுத்துவிடுவார். எண்ணிக்கைக்கு ஆடிட்டரை அழைக்காத ஆலையின் சொத்தில் பெரும்பகுதி அந்த இருப்பே என்றால் அறிக்கை இந்த நிலைக்கும் போகலாம். இரண்டிலும் கீழே அதே கையெழுத்தும் அதே முத்திரையும்தான் இருக்கும்.

குறை எதுவும் சொல்லாத அறிக்கையையும் தவறாகப் படிப்பவர்கள் உண்டு. நட்டத்தில் ஓடும் ஆலையும் நட்டத்தை நேர்மையாகக் காட்டினால் மாசற்ற கருத்தைப் பெறும். அது ஆலையின் உடல்நலச் சான்று அல்ல. தொழில் தொடர்ந்து நடக்குமா என்பதில் கணிசமான ஐயம் இருந்து, அதை நிர்வாகமே கணக்குக் குறிப்பில் முழுமையாகச் சொல்லியிருந்தால், ஆடிட்டர் கருத்தை மாற்றாமல் தனித் தலைப்பில் அதைச் சுட்டிக்காட்டுவார். கருத்துப் பத்தியோடு நிறுத்திவிடுகிறவர் கண்ணில் இது படாது. ஆடிட்டர் மாதிரிகளை வைத்தே சோதிப்பதால், திட்டமிட்டு மறைத்த மோசடி அவர் கைக்கு அகப்படாமலும் போகலாம். அறிக்கை தருவது நியாயமான உறுதி, உத்தரவாதம் அல்ல.

இவ்வளவு பெரிய ஆலையின் அறிக்கையோடு ஓர் இணைப்பும் வரும். அதை யாரும் படிப்பதில்லை. நான் முதலில் படிப்பது அதைத்தான். இருப்பை எண்ணியபோது எந்த வகைச் சரக்கிலாவது 10 சதவீதமோ அதற்கு மேலோ வேறுபாடு வந்ததா என்பதை ஆடிட்டர் அதில் சொல்ல வேண்டும். வங்கியிடம் 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு பெற்றிருந்தால், காலாண்டுதோறும் வங்கிக்குக் கொடுத்த இருப்பு விவரமும் ஆலையின் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்றும் சொல்ல வேண்டும். வங்கிக்கு ஓர் எண், புத்தகத்துக்கு ஓர் எண் என்றால் மூன்றாவதாக உங்களுக்குச் சொன்ன எண்ணை எதை வைத்து நம்புவது?

கடைசியாக, கையில் இருப்பது எந்தத் தணிக்கை அறிக்கை என்று பாருங்கள். கூட்டு வணிகமும் தனி முதலாளியின் கடையும் காட்டுவது பெரும்பாலும் வருமான வரிக்கான தணிக்கை அறிக்கை. அது வரித்துறைக்கு வேண்டிய விவரங்களை மையமாகக் கொண்டது. அதைக் கம்பெனிச் சட்டத் தணிக்கைக்கு ஈடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த அறிக்கையானாலும் ஆடிட்டரின் பெயர் அருகே யுடின் என்ற 18 இலக்க எண் இருக்க வேண்டும். udin.icai.org தளத்தில் அந்த எண்ணை இட்டால் அப்படி ஓர் ஆவணத்துக்கு அவர் எண் பெற்றாரா என்று தெரிந்துவிடும். கம்பெனியாக இருந்தால், அது அரசிடம் தாக்கல் செய்த கணக்கைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். ஆலைக்காரர் கொடுத்த பிரதியில் ஆடிட்டரின் கருத்துப் பத்தியும் அங்கே உள்ள பத்தியும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுவிட்டு, தேங்கிய நூலில் இதுவரை எவ்வளவு விற்றது, என்ன விலைக்கு விற்றது என்று ஆலைக்காரரிடம் சீட்டோடு கேளுங்கள். தவணை எத்தனை நாள், சரக்கு எத்தனை பேல் என்பதை அந்தப் பதிலைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.