சமநிலை எந்தப் பக்கம் நகரும்? Q-வைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்

"அழுத்தத்தை அதிகரித்தால் சமநிலை எத்திசையில் நகரும்?" பிளஸ் ஒன் வேதியியலில் வேதிச்சமநிலைப் பாடம் முடிந்ததும் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. பெரும்பாலான மாணவர்கள் லீ சாட்லியர் தத்துவத்தை மனப்பாடமாக எழுதிவிட்டு, அதிலிருந்து விடையை ஊகிக்கப் பார்ப்பார்கள். ஏற்படுத்திய மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும் என்பது அந்தத் தத்துவம். எளிய கேள்விக்கு அது போதும். ஆனால் மூடிய கலனுக்குள் ஆர்கானைச் செலுத்துகிறோம், மொத்த அழுத்தமும் கூடுகிறது, இப்போது என்ன ஆகும் என்று கேட்டால் அந்த வரி கைகொடுக்காது. அதனால் நான் எப்போதும் Q-வையும் K-யையும் ஒப்பிடும் வழியைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சமநிலை மாறிலி Kc-க்குக் கோவை எழுதத் தெரிந்திருந்தால் போதும்: அதில் சமநிலைச் செறிவுகளைப் போட்டால் K, ஏதோ ஒரு கணத்தில் இருக்கும் செறிவுகளைப் போட்டால் Q.

முதல் படி, சமன்பாட்டை நிலைக்குறியோடு எழுதுங்கள். திண்மமாக இருப்பதை Kc கோவையில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் படி, உண்மையில் எது மாறியது என்று பாருங்கள். ஏதோ ஒரு பொருளின் செறிவா, கலனின் கன அளவா, வெப்பநிலையா? கேள்வித்தாளில் 'அழுத்தம்' என்று இருந்தாலும் மனதுக்குள் அதைக் கன அளவாக மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கேள்விகளில் அழுத்தத்தை அதிகரிப்பது என்றால் கலனைச் சுருக்குவதுதான்.

மூன்றாம் படி, மாற்றம் நடந்த அந்தக் கணத்தில், வினை இன்னும் நகரத் தொடங்காத நிலையில், Q எவ்வளவு என்று பாருங்கள். Q, K-யைவிடப் பெரியதாக இருந்தால் வினைவிளைபொருள் தேவைக்கு மேல் இருக்கிறது, பின்னோக்கி நகரும். சிறியதாக இருந்தால் முன்னோக்கி நகரும். இரண்டும் சமம் என்றால் நகராது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். N₂O₄(g) ⇌ 2NO₂(g). N₂O₄ நிறமற்றது, NO₂ பழுப்பு நிறம். எண்களைக் கணக்குக்கு வசதியாக நானே எடுத்துக்கொள்கிறேன்: லிட்டருக்கு N₂O₄ 0.04 மோல், NO₂ 0.02 மோல். வெப்பநிலையை மாற்றாமல் கலனைப் பாதியாகச் சுருக்குகிறோம்.

```
முன்பு:    K = (0.02)² / 0.04 = 0.01
சுருக்கியதும்:  Q = (0.04)² / 0.08 = 0.02
Q > K  →  பின்னோக்கி
```

இரண்டு செறிவும் இரட்டித்தன. ஆனால் NO₂-க்கு வர்க்கம் இருப்பதால் மேலே நான்கு மடங்கு, கீழே இரண்டு மடங்கு. அதனால்தான் Q இரட்டித்தது. 'அழுத்தம் கூடினால் மோல் குறைவான பக்கம்' என்ற விதி இந்த வர்க்கத்திலிருந்துதான் பிறக்கிறது. கலனைப் பாதியாக்கினால் Q எத்தனை மடங்காகும் என்பதற்குக் குறுக்கு வழியும் உண்டு: வலப்பக்க வாயு மோல்களிலிருந்து இடப்பக்க வாயு மோல்களைக் கழித்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். N₂ + 3H₂ ⇌ 2NH₃ என்றால் 2 − 4 = −2, ஆகவே Q நான்கில் ஒரு பங்கு; முன்னோக்கி நகரும். H₂ + I₂ ⇌ 2HI என்றால் அடுக்கு பூச்சியம், நகராது.

இனிமேல் வருவதுதான் நெடுநாள் என்னைக் குழப்பிய இடம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மேலே உள்ள கலனில் சமநிலை பின்னோக்கி நகர்ந்தது, NO₂ குறைந்தது. அப்படியானால் NO₂-இன் செறிவு முதலில் இருந்த 0.02-க்கும் கீழே போய்விட்டதா? இல்லை. N₂O₄ x அளவு கூடுகிறது என்று வைத்து, (0.04 − 2x)² / (0.08 + x) = 0.01 என்பதைத் தீர்த்தால் x ஏறக்குறைய 0.0054 வரும். புதிய சமநிலையில் NO₂ சுமார் 0.029. சுருக்கிய கணத்தில் இருந்த 0.04-ஐவிடக் குறைவு, ஆனால் பழைய 0.02-ஐவிட அதிகம். மோல் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, செறிவு கூடியிருக்கிறது. பலவுள் தெரிவு வினாவில் 'NO₂-இன் மோல் எண்ணிக்கை', 'NO₂-இன் செறிவு' என்று தனித்தனியாகக் கொடுத்திருந்தால் இந்த வேறுபாடுதான் மதிப்பெண். செறிவு மாற்றத்திலும் இதே கதைதான். ஒரு பொருளைக் கூடுதலாகச் சேர்த்தால், சேர்த்ததில் ஒரு பகுதியைத்தான் வினை தின்று தீர்க்கும், முழுவதையும் அல்ல.

சரி, ஆர்கானுக்கு வருவோம். கன அளவு மாறாத கலனில் ஆர்கானைச் சேர்த்தால் NO₂-ம் N₂O₄-ம் அதே இடத்தில் அதே அளவுதான் இருக்கின்றன. செறிவு மாறவில்லை, Q மாறவில்லை, சமநிலையும் நகராது. மொத்த அழுத்தம் கூடியது ஆர்கானின் கணக்கில் மட்டும். ஆனால் மேலே நகரும் பிஸ்டன் இருந்து, மொத்த அழுத்தம் மாறாமல் இருந்தால் ஆர்கான் இடம்பிடிக்கக் கலன் விரியும். கன அளவு இரட்டித்தது என்று வையுங்கள்: N₂O₄ 0.02, NO₂ 0.01, Q = 0.005. K-யைவிடச் சிறியது, முன்னோக்கி நகரும். ஆகவே கேள்வியில் 'மாறா கன அளவில்' என்றிருக்கிறதா, 'மாறா அழுத்தத்தில்' என்றிருக்கிறதா என்று தேடி அடிக்கோடிடுங்கள்.

வெப்பநிலைக்கு மட்டும் வழி வேறு. அங்கே Q அப்படியே இருக்க, K-தான் மாறுகிறது. N₂O₄ பிரிவது வெப்பம்கொள் வினை (ΔH ஏறக்குறைய +57 கிலோஜூல்). சூடாக்கினால் K பெரிதாகும், Q பின்தங்கும், முன்னோக்கி நகரும். அடைத்த குழாயை வெந்நீரில் வைத்தால் பழுப்பு அடர்வதும், பனிக்கட்டி நீரில் வைத்தால் வெளிறுவதும் இதனால்தான். வெப்பஉமிழ் வினையில் நேர்மாறு: அமோனியா தயாரிப்பில் (ΔH ஏறக்குறைய −92 கிலோஜூல்) சூடு ஏறினால் K சிறுத்து, விளைச்சல் குறையும். சூடாக்கினால் இருபக்க வினைகளும் வேகமெடுக்கும் என்பது உண்மைதான். அது எவ்வளவு சீக்கிரம் சமநிலை வரும் என்பதைச் சொல்லும், எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாது. வினைவேகமாற்றியும் அப்படியே.

விடை எழுதும்போது 'வலப்பக்கம்' என்று மட்டும் நிறுத்தாதீர்கள். இதே வினையை 2NO₂ ⇌ N₂O₄ என்று திருப்பிக் கொடுத்தால் வலம் இடமாகிவிடும், ΔH-இன் குறியும் மாறிவிடும். 'NO₂ உருவாகும் திசையில்' என்று பொருளின் பெயரோடு எழுதுவதுதான் எனக்குப் பிடித்தது.

சேர்க்கை: கருத்துப் பகுதியில் ஒருவர் CaCO₃(s) ⇌ CaO(s) + CO₂(g) பற்றிக் கேட்டிருந்தார். இன்னும் கொஞ்சம் CaCO₃ சேர்த்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, ஏனென்றால் Kc-யில் CO₂ மட்டும்தான் இருக்கிறது. அப்புறம், இந்தக் கலனைப் பாதியாகச் சுருக்கினால் Q இரட்டித்துப் பின்னோக்கி நகரும். ஆனால் NO₂ போல இங்கே செறிவு கூடுதலாக நிற்காது. K என்பதே CO₂-இன் செறிவு என்பதால், அது சரியாகப் பழைய அளவுக்கே இறங்கிவிடும். இதற்குக் கலனில் போதிய CaO இருக்க வேண்டும். வெறும் CaCO₃-இலிருந்து தொடங்கிய கலன் என்றால் CO₂ எத்தனை மோலோ அத்தனை மோல் CaO அங்கேயே இருக்கும்.