வீசும்போது சுருங்கிய பரோட்டா மாவு: சரிசெய்த விதம்

வீசினால் மாவு ரப்பர் போல் சுருங்கியது. சுட்டால் பரோட்டா அட்டையாக வந்தது. குறை மைதாவில் இல்லை, ஊறும் நேரத்தில்தான். பிசைந்த மாவு இறுகி நிற்கும், தளர நேரம் கொடுக்க வேண்டும்.

அரைக் கிலோ மைதா, ஒரு டீஸ்பூன் உப்பு, 2 மேசைக்கரண்டி கடலை எண்ணெய், சுமார் 290 மில்லி தண்ணீர். 15 நிமிடம் பிசைந்து, ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம் வைக்கிறேன். பிறகு 100 கிராம் அளவில் 8 உருண்டைகள் பிடித்து, எண்ணெயில் புரட்டி இன்னும் ஒரு மணி நேரம். முன்பு விட்டுப்போனது இந்த இரண்டாவது ஊறல்தான். விரலால் அழுத்திய குழி அப்படியே நின்றால் வீசலாம். மேலே எழும்பினால் இன்னும் 20 நிமிடம் பொறுக்கணும்.

எண்ணெய் தடவிய மேடையில், அடியில் கல் தெரியும் அளவுக்கு வீசி விரிக்கவும். அங்கங்கே கிழிந்தால் பரவாயில்லை. மேலே ஒரு டீஸ்பூன் எண்ணெயை ஓரம்வரை தடவி, சேலைக் கொசுவம் போல் மடித்துச் சுருட்டவும். எண்ணெய் படாத இடத்தில் மடிப்பு ஒட்டிக்கொள்ளும், அங்கே அடுக்கு வராது. 10 நிமிடம் கழித்துக் கையாலேயே தட்டவும்; பூரிக்கட்டை அடுக்கை நசுக்கிவிடும்.

மிதமான சூட்டில் இருபுறமும் பொன்னிறமாகச் சுட்டு, நான்கைந்தைச் சூட்டோடு அடுக்கி, பக்கவாட்டில் இரு கையாலும் அடிக்கவும். செங்கோட்டைப் பக்கத்துக் கடைகளில் கேட்கும் சத்தம் அதுதான். ஆறிவிட்டால் அடித்தாலும் பிரியாது.