நிற்கும் மாட்டின் படத்தில் நொண்டலின் அறிகுறிகளைப் பார்ப்பது எப்படி?

படம் சரியாக இல்லாவிட்டால் அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. மாடு சமதரையில் தானாக நிற்கும்போது, கைபேசியை அதன் வயிற்று உயரத்திற்குத் தாழ்த்திப் பிடித்து, நேர் பக்கவாட்டில் எடுங்கள். நான்கு குளம்புகளும் தெரிய வேண்டும். சாணியில் புதைந்த காலை வைத்து எதையும் கணிக்க இயலாது.

முதலில் முதுகைப் பாருங்கள். திமிலுக்குப் பின்னிருந்து இடுப்பெலும்பு வரை, திரையின் மேல் ஓர் அளவுகோலை வையுங்கள். நலமான மாட்டின் முதுகு ஏறக்குறைய அந்தக் கோட்டோடு ஒட்டிப் போகும். நடுப்பகுதி கோட்டுக்கு மேலே எழும்பியிருந்தால் அது கூனல். நாட்டு மாட்டில் திமிலின் சரிவையே கூனல் என்று எண்ணிவிடுவது புதிதாகப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

அடுத்து கால்கள். பின்னங்குளம்பின் நுனி மட்டும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். பின்னிருந்து இன்னொரு படம் எடுத்தால், குளம்பு நுனிகள் வெளிப்பக்கம் திரும்பி, பின்னங்கால் மூட்டுகள் உள்ளே நெருங்கியிருப்பது தெரியலாம். பின்னங்காலில் புண் பெரும்பாலும் பிளவுபட்ட குளம்பின் வெளிப்பாதியில்தான் வருகிறது. அதன் மேல் விழும் பாரத்தைக் குறைக்க மாடு அவ்வாறு நிற்கும்.

அண்மையில் பக்கத்து ஊரிலிருந்து ஜெர்சி கலப்பின மாடு ஒன்றின் படம் வந்தது. முதுகு நன்றாகவே கூனியிருந்தது, வலப் பின்னங்கால் நுனியில் நின்றது. ஆனால் பின்னங்கால்கள் இரண்டும் சாணி வாய்க்காலுக்குள் இருந்தன; அப்படி நிற்கும் எந்த மாடும் முதுகை வளைக்கக்கூடும். சமதரைக்குக் கொண்டுவந்து மறுபடி எடுக்கச் சொன்னேன். கூனல் பாதியாகக் குறைந்தது, ஆனால் நுனியில் நிற்பது மாறவில்லை. நடக்கவிட்டுக் காணொளி எடுத்தபோது வலக்கால் ஊன்றும் நேரம் குறைந்து, இடக்கால் அவசரமாகத் தரைக்கு வந்தது. கால்நடை மருத்துவர் காலைத் தூக்கிச் சீவிப் பார்த்தபோதுதான் வெளிக்குளம்பின் அடியில் இருந்த புண் தெரிந்தது. படத்தில் அந்தப் புண் எங்கும் இல்லை.

நேரான முதுகும் நலத்துக்குச் சான்றாகாது. 1997-இல் ஸ்ப்ரெச்சரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட, நொண்டலை அளக்கும் ஐந்து படி மதிப்பீட்டில், முதல் படியிலுள்ள மாடும் இரண்டாம் படியிலுள்ள மாடும் நிற்கும்போது முதுகை நேராகவே வைத்திருக்கும். இரண்டாம் படி மாடு நடக்கும்போது மட்டுமே கூனும். மூன்றாம் படியில்தான் நிற்கும்போதும் கூனல் தெரிகிறது. ஆகவே தொடக்க நிலை நொண்டலை நிற்கும் படம் தவறவிட்டுவிடும்.

கூனல் இருந்தாலும் அது காலால் வந்தது என்று உறுதியில்லை. சிறுநீர் கழிக்கும் நொடியில் எடுத்த படத்தில் எல்லா மாடும் கூனியிருக்கும். தீவனத்தோடு கம்பியை விழுங்கிய மாடும் வயிற்று வலியால் முதுகை வளைத்து, முன்னங்கால்களின் முழங்கை மூட்டுகளை உடலிலிருந்து விலக்கி நிற்கும். கூனலோடு தீனியும் பாலும் திடீரென்று குறைந்திருந்தால், குளம்பு சீவுபவரை விட்டுவிட்டு மருத்துவரை முதலில் அழையுங்கள்.