வீட்டுக் கடன் கேட்கும் நேரத்தில் பழைய கிரெடிட் கார்டை மூடலாமா?

பாலக்காடு சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு முதல் கிரெடிட் கார்டு கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ வேலை பார்த்த காலத்தில் வாங்கியதாக இருக்கும். சம்பளக் கணக்கோடு வங்கியே கொடுத்திருக்கும். அப்புறம் ஊருக்குத் திரும்பி, கடையோ தோப்போ பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கத்து வங்கியில் இன்னொரு கார்டு வாங்கியிருப்பார்கள். பழையது பீரோவில் கிடக்கும். ஒரு நாள் அதற்கு ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 590 என்று பில் வரும். உபயோகிக்காத கார்டுக்கு எதற்குப் பணம் என்று உடனே மூடிவிடத் தோன்றும்.

மூடுவது தவறில்லை. வீட்டுக் கடனுக்கு மனு போடுகிற நேரம் பார்த்து, கணக்குப் போடாமல் மூடுவதுதான் தவறு. ஒரு உதாரணத்தோடு பார்த்தால் இது எளிதில் புரியும்.

கொழிஞ்சாம்பாறையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் வாங்கிய பழைய கார்டுக்கு வயது 12, லிமிட் 1,50,000 ரூபாய், பாக்கி எதுவும் இல்லை. புதிய கார்டுக்கு வயது 3, லிமிட் 60,000. மாதா மாதம் புதிய கார்டில் 24,000 ரூபாய் அளவுக்குச் செலவு செய்து, கெடு தேதிக்குள் முழுவதையும் கட்டிவிடுகிறார். இரண்டு மாதத்தில் 25 லட்சம் வீட்டுக் கடன் கேட்கப் போகிறார்.

இரண்டு கார்டும் இருக்கும்வரை அவருடைய மொத்த லிமிட் 2,10,000. அதில் 24,000 பாக்கி என்றால் பயன்பாட்டு விகிதம் 11 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். பழைய கார்டை மூடினால் மொத்த லிமிட் 60,000 ஆகச் சுருங்கிவிடும். அதே 24,000 இப்போது 40 சதவீதம். அவர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவு செய்யவில்லை, ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆனாலும் கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும் கிரெடிட் ஸ்கோர் கணக்கில் அவர் முன்பைவிடக் கடனை அதிகம் நம்பியிருப்பவராகத் தெரிவார். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்தப் புதிய கார்டை மட்டும் தனியாகப் பார்த்தால் முன்பும் 40 சதவீதம்தானே என்று கேட்கலாம். உண்மைதான், தனித்தனிக் கார்டின் விகிதத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் மொத்த விகிதத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டிருந்தது உபயோகிக்காமல் கிடந்த அந்த 1,50,000 லிமிட்தான்.

இந்த இடத்தில் பலர் சொல்வது, “நான்தான் முழுசாகக் கட்டிவிடுகிறேனே, எனக்கு எப்படிப் பாக்கி வரும்?” என்பது. நம் கடன் வரலாற்றைத் தொகுத்து ஸ்கோர் போடும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கி விவரம் அனுப்பும் நாளில் கார்டில் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் பாக்கியாகப் பதிவாகும். கெடு தேதி அதற்குப் பிறகு வரலாம். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறையாவது வங்கிகள் இந்த விவரத்தை அனுப்ப வேண்டும். ஆகவே கெடுவுக்குள் ஒழுங்காகக் கட்டுகிறவருக்கும் ஏதோ ஒரு தொகை பதிவாகிக்கொண்டேதான் இருக்கும். வட்டியிலிருந்து தப்பிக்கக் கெடு தேதியைப் பாருங்கள். ஸ்கோருக்கு, பில் போடும் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் முன்பே பாக்கியைக் குறைத்துவையுங்கள்.

இதனால் என்ன நஷ்டம்? பல வங்கிகள் வீட்டுக் கடன் வட்டியை ஸ்கோரின் படிநிலையை வைத்து முடிவு செய்கின்றன. ஸ்கோர் சற்று இறங்கி அடுத்த படிக்குப் போய், 8.5 சதவீதத்துக்குப் பதில் 8.75 சதவீதம் என்று வந்தால், 25 லட்சத்துக்கு 20 வருடத் தவணையில் மாதம் ஏறக்குறைய 400 ரூபாய் கூடும். வட்டி அப்படியே நீடித்தால் மொத்தத்தில் சுமார் 95,000 ரூபாய். 590 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் இதை வரவழைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஸ்கோர் ஏற்கெனவே மிக உயரத்தில் இருப்பவருக்குச் சற்று இறங்கினாலும் படி மாறாது. படியின் ஓரத்தில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. தான் எங்கே நிற்கிறோம் என்பது மனு போடும்வரை பலருக்குத் தெரிவதில்லை.

கணக்கின் வயது விஷயத்தில் தேவைக்கு மேல் பயம் இருக்கிறது. கார்டை மூடியதும் 12 வருட வரலாறு அழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூடிய கணக்கும், அதில் ஒழுங்காகக் கட்டிய விவரமும் அந்த நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கையில் தொடர்ந்து இருக்கும். கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது 7 வருடமாவது வைத்திருக்க வேண்டும். ஆனால் மூடிய கணக்கு அதற்கு மேல் வளராது. நம் கடைக்காரர் இரண்டு கார்டையும் வைத்திருந்தால் நடப்பில் உள்ள கணக்குகளின் சராசரி வயது ஏழரை வருடம். மூடிவிட்டால் 3 வருடம்தான். அவரிடம் நடப்பில் வேறு பழைய கடன் கணக்கு இல்லை என்றால் இந்த இறக்கம் கண்ணில் படும். பல வருடமாக ஒழுங்காகக் கட்டிவரும் கடன் வேறு ஏதாவது இருந்தால் அவ்வளவாகப் படாது.

மொத்தம் எத்தனை புள்ளி இறங்கும்? சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் ஸ்கோர் தருகின்றன. முழுச் சூத்திரத்தை யாரும் வெளியிடுவதில்லை. “சரியாக 30 புள்ளி போகும்” என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்று சொல்லலாம்: பயன்பாட்டு விகிதத்தின் பாதிப்பு சீக்கிரம் வரும், பாக்கியைக் குறைத்தால் சீக்கிரம் போகவும் செய்யும். வயதின் பாதிப்பு மெதுவானது, அதைச் சரிசெய்யக் காலம்தான் வேண்டும். இன்னொரு சந்தேகமும் நம் பக்கத்தில் உண்டு. தமிழ்நாட்டில் வாங்கிய கார்டு கேரளாவில் கேட்கும் கடனைப் பாதிக்குமா என்பார்கள். பாதிக்கும். பான் எண்ணோடு சேர்ந்த ஒரே வரலாறுதான், வாளையாறு செக்போஸ்டோடு அது நிற்பதில்லை.

சரி, கடைக்காரர் என்ன செய்யலாம்? முதலில் பழைய கார்டின் வங்கியிடம் ஆண்டுக் கட்டணம் இல்லாத வகைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அப்போது இரண்டு விஷயங்களை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்: கணக்கு தொடங்கிய தேதி பழையபடியே தொடருமா, லிமிட் குறையாமல் இருக்குமா? சில இடங்களில் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறப்பார்கள். அதில் பயனில்லை. மாற்ற வழி இல்லை என்றால், இந்த ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, கடன் கைக்கு வந்த பிறகு மூடலாம். அதற்கும் மனமில்லை என்றால், மூடுவதற்கு முன் புதிய கார்டின் லிமிட்டை ஒரு லட்சமாக உயர்த்தக் கேட்கலாம். அப்போது 24,000 என்பது 24 சதவீதம்தான். லிமிட் உயராவிட்டால், பில் தேதிக்கு முன்பே 6,000 ரூபாய்க்கு மேல் கட்டி, பாக்கியை 18,000க்குக் கீழே கொண்டுவந்தால் 30 சதவீதத்துக்குள் வந்துவிடும். இழந்த லிமிட்டை ஈடுகட்ட அவசரமாகப் புதுக் கார்டுக்கு மனு போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அது நீங்கள் புதுக் கடன் கேட்டதற்கான விசாரணையாக அறிக்கையில் பதிவாகும், சராசரி வயதையும் இன்னும் கீழே இழுக்கும்.

கையில் கார்டு இருந்தால் செலவு கட்டுக்குள் நிற்பதில்லை என்று தெரிந்தவர்கள் ஸ்கோரைப் பார்க்காமல் மூடுவதே நல்லது. வட்டியில் போகும் பணம் இந்த இறக்கத்தைவிடப் பெரியது.

மூட வேண்டாம் என்று முடிவு செய்தால் கார்டை அப்படியே மறந்துவிடவும் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் உபயோகிக்காத கார்டை, தகவல் சொல்லிவிட்டு வங்கியே மூடத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. தகவல் வந்து 30 நாளுக்குள் நீங்கள் பதில் சொல்லாவிட்டால், பாக்கி எதுவும் இல்லாத பட்சத்தில் மூடிவிடுவார்கள். எல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில்தான் சிக்கல். கோயம்புத்தூரில் இருந்தபோது கொடுத்த சிம் இப்போது நடப்பில் இருக்காது, வீட்டு முகவரியும் பழசு. தகவல் போகும், உங்களுக்கு வந்து சேராது. மொபைல் எண்ணையும் முகவரியையும் முதலில் மாற்றுங்கள். அப்புறம் சில மாதத்துக்கு ஒருமுறை கோபாலபுரம் தாண்டிப் பெட்ரோல் போடும்போது அந்தக் கார்டில் போட்டு, பில் வந்ததும் கட்டிவிட்டால் போதும்.

மூடத்தான் போகிறீர்கள் என்றால், கார்டைக் கத்தரியால் வெட்டிப் போடுவது மூடுவது ஆகாது. கணக்கு உயிரோடுதான் இருக்கும், அடுத்த ஆண்டுக் கட்டணமும் விழும். கட்டாத 590 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு வளர்ந்து, தவணை தவறியதாக அறிக்கையில் ஏறினால், நாம் இதுவரை பேசிய இரண்டு பாதிப்பையும்விட அது மோசம். ஆகவே அதிலிருந்து மாதா மாதம் தானாகப் பணம் எடுக்கும் இணைப்புகளை நிறுத்துங்கள். இஎம்ஐ ஆக மாற்றிய வாங்கல் இருந்தால் முடித்துவிடுங்கள். ரிவார்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கியைச் சுழியமாக்கிய பிறகு, வங்கியின் செயலியிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கோரிக்கை வையுங்கள். பாக்கி இல்லையென்றால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தகராறில் கிடக்கும் பாக்கியைக் குறைத்துக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அறிக்கையில் அந்தக் கணக்கு ‘செட்டில்டு’ என்று வரும், வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் அதை விரும்புவதில்லை.

மூடிய விவரம் 30 நாளுக்குள் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்றரை மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. கணக்கு மூடப்பட்டதாகவும், பாக்கி சுழியம் என்றும், மூடிய தேதி சரியாகவும் இருக்க வேண்டும். தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.