25,299 ரூபாய் பில்லில் உங்கள் கொள்முதல் விலை எது?

கடலூரில் புதிதாக எலெக்ட்ரிகல் கடை போட்டிருக்கும் தம்பி ஒருத்தர், சென்னை மொத்தக் கடையிலிருந்து வந்த முதல் பில்லை வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "அண்ணே, 25,299 போட்டிருக்காங்க, இதுமேல பத்து பர்சென்ட் வச்சு விக்கலாமா?" என்று கேட்டார். நான் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன். ஜிஎஸ்டி பதிவு எடுத்த புதுக் கடைக்காரர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். ஸ்க்ரீன்ஷாட்டின் கீழ்ப்பகுதி இப்படி இருந்தது:

```
Sub Total                 22,200.00
Less: Discount 5%          1,110.00
Packing & Freight            350.00
Taxable Value             21,440.00
CGST 9%                    1,929.60
SGST 9%                    1,929.60
Round Off                     -0.20
Total                     25,299.00
```

வயர் காயில் 12, சுவிட்ச் 200, அவ்வளவுதான் சரக்கு. தள்ளுபடி வரிக்கு முன்னாலேயே கழிந்துவிட்டது, பேக்கிங்கும் லாரி வாடகையும் வரிக்கு முன்னாலேயே சேர்ந்துவிட்டன. இரண்டும் சரிதான். "லாரி வாடகைக்கும் எதுக்கு 18 பர்சென்ட்?" என்று சண்டை போட வேண்டாம். விற்கிறவரே சரக்கோடு சேர்த்து வாங்குகிற வாடகை, சரக்கின் மதிப்பில்தான் சேரும்.

இப்போது அந்தப் பத்து பர்சென்ட். பில்லில் கடைசியாக இருக்கும் தொகை நீங்கள் கொடுக்க வேண்டிய பணம், உங்கள் கொள்முதல் விலை இல்லை. கொள்முதல் விலை நடுவில் இருக்கிற 21,440. அதற்குக் கீழே இருக்கும் 3,859 ரூபாய் 20 காசு நீங்கள் முன்கூட்டிக் கட்டிய வரி. சரக்கை விற்று நீங்கள் வரி கட்டும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், இதைத்தான் இன்புட் என்கிறார்கள். தம்பி கணக்குப்படி 25,299 மேல் பத்து சதவீதம் வைத்தால் 27,829 வரும். அதற்கு மேலே பில்லில் 18 சதவீதம் வரி போட்டால் 32,838. வரிக்கு மேல் லாபம், அதற்கு மேல் மறுபடி வரி. பக்கத்துக் கடைக்காரர் 21,440 மேல் பத்து சதவீதம் வைத்து 23,584, வரியோடு 27,829 என்று அதே சரக்கைக் கொடுப்பார். உங்கள் கடைக்கு யார் வருவார்கள்?

இதே தப்பு வேறு வேஷத்திலும் வரும். "சரி, 27,829-ஐயே வரி உள்பட என்று வைத்து விற்கிறேன்" என்றால் விலை சரியாக அமைந்துவிடும், ஆனால் மனதில் இருக்கும் லாபம் 2,530, கையில் நிற்பது 2,144 தான். நடுவில் போன 386 ரூபாய் உங்கள் விற்பனை வரிக்கும் இன்புட்டுக்கும் உள்ள வித்தியாசம், அதை அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். ஒரு பில்லுக்கு 386 பெரிய தொகை இல்லை. மாதம் முப்பது பில் ஆகும்போது, வரி கட்ட வேண்டிய 20-ஆம் தேதி பணம் எங்கே என்று தேடுவீர்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் மேலே சொன்னது தலைகீழ். உங்களுக்கு இன்புட் கிடையாது, 25,299 முழுசும்தான் உங்கள் கொள்முதல் விலை, வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவும் கூடாது. பதிவே எடுக்காதவருக்கும் அப்படித்தான். ஆகவே நண்பர் கடையில் போடுகிற கணக்கை அப்படியே காப்பி அடிப்பதற்கு முன் அவர் எந்த வகை என்று கேளுங்கள்.

அடுத்தது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்ற இரண்டு வரிகள். தம்பி சிஜிஎஸ்டி 9 என்பதை மட்டும் பார்த்துவிட்டு, வயருக்கு வரி 9 சதவீதம் என்றே மனதில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் புதுச்சேரியிலிருந்து லாரியில் சரக்கு வந்தது, அந்த பில்லில் ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று ஒரே வரி. "பாண்டிச்சேரிக்காரன் டபுள் போட்டுட்டான்ணே" என்று கோபமாக ஃபோன். யாரும் டபுள் போடவில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 18 சதவீதத்தை மத்திய அரசுக்கு 9, மாநிலத்துக்கு 9 என்று பிரித்துப் போடுவார்கள், மாநிலம் தாண்டினால் பிரிக்காமல் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி. புதுச்சேரி கடலூருக்கு எவ்வளவு பக்கம் என்பது வரிச் சட்டத்துக்குத் தெரியாது, அது வேறு எல்லை. விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. 33-இல் தொடங்கும் கடை கடலூருக்கே அனுப்பிய சரக்குக்கு ஐஜிஎஸ்டி போட்டிருந்தால் அப்போதுதான் சண்டை போட வேண்டும்.

இரண்டையும் கூட்டி "வரி 3,859" என்று நோட்டில் ஒரே தொகையாக எழுதுவதும் கூடாது. சிஜிஎஸ்டி இன்புட்டை வைத்து எஸ்ஜிஎஸ்டி கட்ட முடியாது, அதுவும் இதற்கு வராது. ஐஜிஎஸ்டி இன்புட் மட்டும் இரண்டுக்கும் போகும், முதலில் ஐஜிஎஸ்டி பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு. நோட்டில் மூன்று பத்தி போட்டுத் தனித்தனியாக எழுதுங்கள்.

மொத்தத்திலிருந்து வரியைப் பிரிக்கிறேன் என்று கால்குலேட்டரில் 25,299-ஐ 18 சதவீதத்தால் பெருக்குகிறவர்களும் உண்டு. 4,553.82 வரும், உண்மையான வரியைவிட ஏறக்குறைய 695 ரூபாய் அதிகம். 118-க்குள் 18 இருக்கிறது, 100-க்குள் அல்ல:

```
25299 × 18 / 118 = 3859.17
```

மூன்று காசு வித்தியாசம் ரவுண்ட் ஆஃபால் வந்தது. அதை விடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்தியது ஸ்க்ரீன்ஷாட்டே. பில்லின் தலைப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. இன்புட்டுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது: மேலே 'Tax Invoice' என்று இருக்கிறதா, இல்லை எஸ்டிமேட்டா, ப்ரோஃபார்மாவா, பில் எண், தேதி, விற்றவரின் ஜிஎஸ்டி எண், வாங்கியவரின் ஜிஎஸ்டி எண். எஸ்டிமேட்டில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று அழகாகப் பிரித்துப் போட்டிருந்தாலும் அதற்கு இன்புட் கிடையாது. முழு பில்லையும் பிடிஎஃப் ஆக வாங்கச் சொன்னேன். வந்தது. தம்பியின் கடைப் பெயர் இருந்தது, அவருடைய ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டிய இடம் காலி. ஃபோனில் ஆர்டர் சொன்னபோது எண்ணைக் கொடுக்க மறந்திருக்கிறார்.

அப்படியே விட்டிருந்தால், பதிவு இல்லாத ஒருவருக்கு விற்றதாக அந்தக் கடை ரிட்டர்னில் காட்டியிருக்கும், தம்பிக்கு எந்தெந்த பில்லுக்கு இன்புட் உண்டு என்று ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் காட்டும் 2பி பட்டியலில் இந்த பில் வந்தே இருக்காது, 3,859 ரூபாய் இன்புட் போயிருக்கும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிற மொத்தக் கடை விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஏற்றும். நாங்கள் பார்த்தது அதற்கு முன்னாலேயே என்பதால் எண்ணைச் சேர்த்து பில்லைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். ஏற்றிய பிறகு என்றால் பின்னால் வரும் ரிட்டர்னில்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும், அதற்கு நீங்கள் அவர்கள் பின்னாலேயே அலைய வேண்டும்.

14-ஆம் தேதி 2பி வந்ததும் தம்பி மறுபடி ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். இந்த முறை எதையும் வெட்டவில்லை. 21,440, அதன் பக்கத்தில் 1,929.60, இன்னொரு 1,929.60.